பாத்ரூம் கீசருக்கு எம்.சி.பி. மட்டும் போதுமா, ஆர்.சி.சி.பி. வேண்டுமா?

"கானாடுகாத்தானில் எங்கள் பழைய வீட்டுப் பின்கட்டுப் பாத்ரூமில் 2 கிலோவாட் கீசர் இருக்கிறது. 16 ஆம்ப் எம்.சி.பி. போட்டிருக்கிறோம், எர்த்தும் இருக்கிறது. எலக்ட்ரீசியன் இதுவே போதும் என்கிறார். அண்ணன் ஆர்.சி.சி.பி. போடச் சொல்கிறார். முன்பு ஒரு முறை போட்டோம். ஆனால் வருடத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வந்து கீசரைப் போட்டாலே அது விழுந்துகொண்டே இருந்தது. அதனால் கழற்றிவிட்டோம். எது சரி?"

உங்கள் அண்ணன் சொல்வதுதான் சரி. எம்.சி.பி.யை எடுக்க வேண்டாம், அதோடு கசிவைப் பார்த்து வெட்டும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் இருக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு வேலை செய்கிறவை. ஒன்று இருப்பதால் மற்றது தேவையில்லை என்று ஆகாது. எலக்ட்ரீசியன் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. எர்த் நன்றாக இருந்தால், கசிவு வந்ததும் எம்.சி.பி.யே விழுந்து கரண்டை வெட்டிவிடும் என்று அவர் நினைக்கிறார். நம் ஊர் மண்ணில் அது நடக்காது. ஏன் என்று, பள்ளத்தூர் பக்கம் ஒரு வீட்டில் நான் பார்த்ததை வைத்தே சொல்கிறேன்.

அந்த வீட்டு ஆச்சி என்னைக் கூப்பிட்டது கீசருக்காக இல்லை. "தம்பி, கிரைண்டரைத் தொட்டா சுரீர்ங்குது. மோட்டாரை மாத்தியும் பார்த்தாச்சு, நிக்கலை" என்றார்கள். இரண்டாம் கட்டில் சமையலறை, அதற்கும் பின்னால் கிணற்றடியை ஒட்டிப் புதிதாகக் கட்டிய பாத்ரூம். நான் போனபோது கிரைண்டர் உடம்பில் டெஸ்டரை வைத்தால் எரியவில்லை. மீட்டரிலும் ஒன்றும் இல்லை. அரை மணி நேரம் தேடியும் பிடிபடவில்லை. அப்போது பேரன் குளிக்கப் போய்க் கீசரைப் போட்டான். அடுத்த நொடி டெஸ்டர் பளிச்சென்று எரிந்தது. கிரைண்டர் சுவிட்ச் அணைந்துதான் இருந்தது, இருந்தும் எரிந்தது. பிளக்கைப் பிடுங்கியதும் நின்றுவிட்டது.

சுவிட்ச் அணைந்திருக்கும்போது கிரைண்டருக்குள் கரண்ட் வர ஒரே வழி எர்த் பின் தான். எர்த் கம்பிக்குச் சுவிட்ச் கிடையாது. அதே சாக்கெட்டில் எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் இடையே மீட்டரை வைத்தேன். கீசர் ஓடும்போது 215 வோல்ட்டுக்கு மேல். கீசரை நிறுத்தினால் ஒன்றிரண்டு வோல்ட். ஒழுங்கான வீட்டில் எந்த மெஷின் ஓடினாலும் அந்த இடத்தில் சில வோல்ட்டுக்கு மேல் வரக்கூடாது. பாத்ரூமில் இருந்த கோளாறு எர்த் கம்பி வழியாக வீடு முழுக்கப் பரவியிருந்தது. ஃப்ரிட்ஜ், கிரைண்டர், வாஷிங் மெஷின் என எர்த் பின் செருகிய ஒவ்வொன்றின் உலோக உடம்பிலும் அந்த 215 வோல்ட் இருந்தது. காய்ந்த ஆத்தங்குடிக் கல் தரையில் நின்று தொட்டதால் ஆச்சிக்குச் சுரீர் என்பதோடு போயிற்று. பேரன் ஈரத் தரையில் நின்று குழாயைத் தொட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

கீசரைத் திறந்து பார்த்தோம். காயிலின் உலோக உறையில் உப்பு படிந்து, அதன் அடியில் உறை அரித்து, முடி அளவுக்கு ஒரு வெடிப்பு. எங்கள் பக்கத்துப் போர்த் தண்ணீரில் இது அடிக்கடி நடக்கும். உறைக்குள் காயில் கம்பியைச் சுற்றி வெள்ளை மாவு மாதிரி ஒரு பொருள் அடைத்திருப்பார்கள். அதன் பெயர் மக்னீசியம் ஆக்ஸைடு. காய்ந்திருக்கும்வரை அது கரண்டைக் கடத்தாது. வெடிப்பு வழியாகத் தண்ணீர் இறங்கியதும் அது ஊறிப்போய், ஃபேஸ் நுழையும் முனைக்குப் பக்கத்தில் கம்பிச்சுருள் உறையோடு ஒட்டிவிட்டது. உறை தொட்டியோடு சேர்ந்தது, தொட்டி எர்த்தோடு சேர்ந்தது. ஆக, ஃபேஸ் நேராக எர்த் கம்பியில் இறங்கியது.

இவ்வளவு நடந்தும் எம்.சி.பி. ஏன் விழவில்லை? எர்த் டெஸ்டர் கொண்டுவந்து குழியை அளந்தேன். 45 ஓம் காட்டியது. மே மாதம், செம்மண்ணும் அதற்கடியில் செம்புரைக்கல்லும். ஐப்பசி கார்த்திகை மழையை விட்டால் அந்த மண்ணில் ஈரம் ஏது? எப்போதோ போட்ட உப்பும் கரியும் கரைந்து போயிருந்தன. இரும்புக் குழாயில் கம்பி கட்டிய இடமும் துருப்பிடித்திருந்தது. எங்கள் ஊர் வீடுகளில் பெரும்பாலும் எர்த் என்பது அந்தந்த வீட்டுக் குழிதான். கசியும் கரண்ட் அந்தக் குழியில் இறங்கி, மண் வழியாகவே நடந்து, டிரான்ஸ்ஃபார்மர் எர்த்துக்குப் போய்ச் சேர வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்து எர்த்துக்கு 3 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 48 ஓம். 230-ஐ 48-ஆல் வகுத்தால் 4.8 ஆம்பியர். மண்ணில் இறங்கிக்கொண்டிருந்த கரண்ட் அவ்வளவுதான்.

2 கிலோவாட் கீசர் சாதாரணமாக எடுப்பது 8.7 ஆம்பியர். இரண்டையும் கூட்டினால் 13.5 ஆம்பியர். 16 ஆம்ப் எம்.சி.பி.க்கு இது முழு லோடு கூட இல்லை. அதன் கண்ணுக்கு எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. நாள் முழுக்க ஓடினாலும் அது விழாது. வீட்டில் போடும் 'சி' வகை 16 ஆம்ப் எம்.சி.பி. சட்டென்று விழுவதற்கு 80 முதல் 160 ஆம்பியர் வரை பாய வேண்டும். கட்டாயம் விழும் என்று நம்ப வேண்டுமானால் 160. அவ்வளவு கரண்ட் மண் வழியாகப் பாய மொத்தத் தடை ஒன்றரை ஓமுக்கும் கீழே இருக்க வேண்டும். வீட்டுக் குழி ஒன்றில் அது ஆகிற காரியம் இல்லை. அருமையாகப் போட்டு 5 ஓமுக்குக் கொண்டுவந்த குழியிலும், கீசர் எடுப்பதையும் சேர்த்து 40 ஆம்பியருக்குள்தான் பாயும். அதற்கு எம்.சி.பி. சூடேறி விழப் பல நொடிகள் ஆகும். அந்த நொடிகளில் தொட்டியைத் தொட்டுக்கொண்டு ஒருவர் நிற்கலாம்.

எம்.சி.பி.யைக் குறை சொல்லவில்லை. வயர் கருகிவிடாமல் காப்பது அதன் வேலை. அளவுக்கு மேல் லோடு ஏறினாலோ ஃபேஸும் நியூட்ரலும் ஒட்டிக்கொண்டாலோ விழும். மனித உடம்புக்கு ஆபத்தான கரண்ட் அதன் கணக்கிலேயே வராது. கையைப் பிடித்து விடாமல் இறுக்குவதற்குச் சுமார் 10 மில்லி ஆம்பியர் போதும். 50 மில்லி ஆம்பியர் ஒரு நொடிக்கு மேல் நெஞ்சு வழியாகப் பாய்ந்தால் இதயம் தாளம் தப்பலாம். ஈர உடம்பின் தடையை ஆயிரம் ஓம் என்று வைத்தால், 215 வோல்ட்டுக்கு 215 மில்லி ஆம்பியர். 16 ஆம்பியர் என்பது 16,000 மில்லி ஆம்பியர். இடையில் எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

ஆர்.சி.சி.பி. பார்ப்பது வேறு கணக்கு. அதற்குள் ஒரு வளையம் இருக்கிறது. ஃபேஸும் நியூட்ரலும் இரண்டுமே அந்த வளையத்துக்குள் நுழைந்துதான் வெளியே போகும். ஃபேஸில் போன கரண்ட் அத்தனையும் நியூட்ரலில் திரும்பி வந்தால் வரவும் செலவும் சரி, ஒன்றும் நடக்காது. போனதில் கொஞ்சம் தொட்டி வழியாகவோ ஆள் வழியாகவோ மண்ணுக்குப் போய்விட்டால் கணக்கு இடிக்கும். இடிக்கிற தொகை 30 மில்லி ஆம்பியரைத் தொட்டதும் இரண்டு கம்பியையும் சேர்த்து வெட்டிவிடும். உண்மையில் 15-லிருந்து 30-க்குள் எங்கேயாவது விழுந்துவிடும். கசிவு 150 மில்லி ஆம்பியராக இருந்தால் 40 மில்லி செகண்டுக்குள் வெட்ட வேண்டும் என்பது அதற்கான விதி. பழைய ஆட்கள் இதையே ஈ.எல்.சி.பி. என்பார்கள். இன்று கடையில் அந்தப் பெயர் சொல்லிக் கேட்டாலும் இதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.

அந்தப் பள்ளத்தூர் வீட்டில் இது இருந்திருந்தால்? 4.8 ஆம்பியர் என்பது 4,800 மில்லி ஆம்பியர். அவ்வளவு தூரம் போகவே விட்டிருக்காது. காயில் உறை வெடித்துக் கசிவு மெல்ல ஏறி 30 மில்லி ஆம்பியரைத் தொட்ட அன்றே வெட்டியிருக்கும். அந்த நேரத்தில் 45 ஓம் குழியில் ஏறியிருக்கும் வோல்டேஜ் ஒன்றரை வோல்ட் கூட இல்லை. ஆச்சிக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. கோடையில் குழி இன்னும் காய்ந்து 500 ஓம் ஆனாலும் 15 வோல்ட்தான். எம்.சி.பி.க்கு எர்த் குழி பிரமாதமாக இருக்க வேண்டும். ஆர்.சி.சி.பி.க்குச் சுமாரான குழியே போதும். நம் ஊர் மண்ணுக்கு இது பொருந்துவதற்குக் காரணம் அதுதான்.

இதைக் கேட்டுவிட்டு எர்த்தே வேண்டாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எர்த் இல்லாத வீட்டில் தொட்டியில் ஃபேஸ் ஏறி நின்றாலும் கரண்ட் எங்கும் போகாது, ஆர்.சி.சி.பி.யும் விழாது. ஆள் தொட்ட பிறகுதான் விழும். உயிர் தப்பினாலும் அந்த அடி அடித்தே தீரும். எர்த் இருந்தால் ஆள் தொடுவதற்கு முன்பே விழுந்துவிடும். உங்கள் வீட்டில் எர்த்தைப் பழைய இரும்புத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தக் காலத்தில் அப்படிச் செய்வார்கள். பிறகு பிளம்பர் வந்து பாதிக் குழாயை பி.வி.சி.யாக மாற்றியிருப்பார். கம்பி அப்படியே இருக்கும், எர்த் போயிருக்கும்.

சரி, உங்கள் வீட்டில் அது விழுந்துகொண்டே இருந்த விஷயத்துக்கு வருகிறேன். கழற்றியதுதான் தவறு. ஆர்.சி.சி.பி. சும்மா விழுவது மிக அபூர்வம். என்னிடம் வந்த புகார்களில் பெரும்பாலும் இரண்டே காரணம்தான் இருந்தது. எது என்று கண்டுபிடிக்க ஒரு அயர்ன் பாக்ஸ் போதும்.

ஆர்.சி.சி.பி.யைத் திரும்ப மாட்டிவிட்டு, முதலில் கீசர் பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து முழுசாகப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. சாதாரண சுவிட்ச் ஃபேஸை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் வழியாகவும் கசியலாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆர்.சி.சி.பி. நிற்காமல் விழுந்தால் கோளாறு வயரிங்கில் அல்லது ஈரம் ஏறிய சாக்கெட்டில். விழாமல் நின்றால் அதே சாக்கெட்டில் நல்ல நிலையில் இருக்கும் அயர்ன் பாக்ஸைச் செருகிப் போடுங்கள். அதற்கும் விழுந்தால் கீசர் மேல் தப்பில்லை, நியூட்ரலை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அயர்ன் பாக்ஸ் ஓடி, கீசருக்கு மட்டும் விழுந்தால் கீசரில்தான் கசிவு.

நியூட்ரல் கதை பழைய வீடுகளில் நிறைய. மரக் கட்டையில் கிளிப் அடித்து ஓட்டிய காலத்து வயரிங்கில் ஒரே நியூட்ரலை மூன்று நான்கு அறைக்கு இழுத்திருப்பார்கள். அதில் ஆர்.சி.சி.பி. போட வந்தவர் கீசர் ஃபேஸை அதன் வழியாக விட்டுவிட்டு, நியூட்ரலைப் பக்கத்தில் இருக்கும் பொது நியூட்ரலிலிருந்து எடுத்திருப்பார். போகிற 8.7 ஆம்பியர் வளையத்துக்குள் போகிறது, திரும்பி வருவது வளையத்துக்கு வெளியே வருகிறது. அது எப்படி நிற்கும்? ஒட்டுப்போட்டு இதைச் சரிசெய்ய முடியாது. எம்.சி.பி.கள் இருக்கும் டி.பி. பாக்ஸிலிருந்து கீசருக்கென்றே தனியாக ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் இழுக்க வேண்டும். 2 கிலோவாட்டுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி.

உங்கள் வீட்டு நிலைமையைப் பார்த்தால் எனக்கு இரண்டாவது காரணமான கீசர் கசிவின் மேல்தான் சந்தேகம். வருடத்துக்கு ஒரு தடவை, ஊருக்கு வந்ததும் என்கிறீர்கள். மேலே சொன்ன அந்த வெள்ளை மாவு ஈரத்தை இழுக்கும் குணம் உள்ளது. தினமும் ஓடும் கீசரில் சூட்டுக்கு அது காய்ந்துகொண்டே இருக்கும். பத்து மாதம் பூட்டிக் கிடந்த வீட்டில் காயில் முனையில் இருக்கும் அடைப்பு வழியாகவே காற்றின் ஈரம் உள்ளே ஏறிவிடும். உறையில் வெடிப்பு வேண்டும் என்று கூட அவசியமில்லை. எலக்ட்ரீசியனிடம் கசிவுத் தடையை அளக்கும் மெக்கர் இருந்தால் கீசர் பிளக்கின் ஃபேஸ், நியூட்ரல் பின்கள் இரண்டையும் சேர்த்து, எர்த் பின்னுக்கும் அதற்கும் இடையே 500 வோல்ட்டில் அளக்கச் சொல்லுங்கள். தண்ணீர் ஆறி, தெர்மோஸ்டாட் இணைப்பில் இருக்கும்போது அளக்க வேண்டும். ஒரு மெகாஓமுக்கு மேல் காட்டினால் கவலை இல்லை. 10,000 ஓம் பக்கம் காட்டினால் கசிவு 23 மில்லி ஆம்பியர், அதற்கே ஆர்.சி.சி.பி. விழலாம். அப்படி வந்தால் காயிலைக் கழற்றி, முனைப் பக்கம் நன்றாகக் காயும்படி ஓரிரு நாள் வெயிலில் போட்டுத் திரும்ப அளக்கச் சொல்லுங்கள். ஏறிவிட்டால் அது வெறும் ஈரம். ஏறவே இல்லை என்றால் உறை போயிருக்கலாம், காயிலை மாற்றுங்கள். மாற்றும்போது தொட்டிக்குள் இருக்கும் மக்னீசியம் கம்பியையும் பார்க்கச் சொல்லுங்கள். உப்புத் தண்ணீரில் தொட்டிக்கும் காயிலுக்கும் பதில் தான் அரிபடுவதற்காக வைத்தது அது. கரைந்து தீர்ந்திருந்தால் புதுக் காயிலும் சீக்கிரம் போய்விடும்.

"ஆர்.சி.சி.பி.யை விட்டுவிட்டு நேரடியாக ஒரு பத்து நிமிடம் ஓட்டினால் காய்ந்துவிடும்" என்று சிலர் சொல்வார்கள். காய்ந்தும் விடும். ஆனால் அந்தப் பத்து நிமிடம் யாருக்கும் எந்தக் காவலும் இல்லை. உறை வெடித்த காயிலாக இருந்தால் பள்ளத்தூர் கதைதான் நடக்கும். செய்யாதீர்கள்.

வாங்குவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆர்.சி.சி.பி.க்கு லோடு கணக்குத் தெரியாது, எம்.சி.பி.க்குக் கசிவுக் கணக்குத் தெரியாது. இரண்டையும் ஒரே பெட்டிக்குள் வைத்து ஆர்.சி.பி.ஓ. என்று விற்கிறார்கள். கீசருக்கென்று தனியாக, ஃபேஸ் நியூட்ரல் இரண்டையும் வெட்டும் டபுள் போல், 16 ஆம்ப், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.பி.ஓ. ஒன்று வாங்கினால் உங்கள் வேலை முடிந்தது. பழைய வயரிங் உள்ள வீட்டுக்கு மெயினில் ஒரே ஒரு 30 மில்லி ஆம்பியர் போடுவதை நான் விரும்புவதில்லை. எல்லா அறையிலும் கொஞ்சம் கொஞ்சமாக இருக்கும் கசிவு கூடி அடிக்கடி விழும், வீடே இருட்டாகும், கடைசியில் அதையும் கழற்றிப் போடுவார்கள். கீசருக்குத் தனியாக இருந்தால் கீசர் மட்டும் நிற்கும், எதில் கோளாறு என்பதும் அப்போதே தெரிந்துவிடும். டிஜிட்டல் போர்டு உள்ள கீசராக இருந்தால் 'ஏ' வகை என்று கேட்டு வாங்குங்கள். சாதாரணக் கீசருக்கு 'ஏ.சி.' வகையே போதும்.

இது காப்பாற்றாத ஒன்றும் இருக்கிறது. ஒருவர் ஒரு கையில் ஃபேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தால், போனதெல்லாம் அவர் வழியாகத் திரும்பி வந்துவிடும். கணக்கு இடிக்காது, அதனால் விழாது. கீசர் மூடியைத் திறப்பவர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதே என்ற தைரியத்தில் கை வைக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

பள்ளத்தூர் வீட்டில் காயிலை மாற்றி, கீசருக்கு ஆர்.சி.பி.ஓ. வைத்தோம். குளியல் தண்ணீர் ஓடிக் கழியும் பின்புறத் தோட்டத்தில் மூன்று மீட்டர் கம்பி இறக்கிப் புதிய எர்த் குழியும் போட்டோம். அங்கே மண் எப்போதும் ஈரமாக இருக்கும். 8 ஓமுக்கு வந்தது. ஆச்சியிடம் டெஸ்ட் பட்டனைக் காட்டி, மாதம் ஒரு தடவை அழுத்தச் சொன்னேன். நீங்கள் ஊருக்கு வரும்போதெல்லாம் மெயினைப் போட்டவுடன், கீசரைப் போடும் முன் அதை அழுத்திப் பாருங்கள். மாதக்கணக்காக அசையாமல் இருந்தால் உள்ளே இருக்கும் நெம்பு இறுகிவிடுவது உண்டு. அழுத்தியதும் விழ வேண்டும். விழாவிட்டால் அன்றைக்கு வெந்நீர் அடுப்பில்தான். புதியது வாங்கி மாட்டிய பிறகு கீசரைப் போடுங்கள். அந்தப் பட்டன் எர்த்தைச் சோதிப்பதில்லை, பெட்டிக்குள் இருக்கும் பொறியை மட்டும்தான் சோதிக்கிறது. அதனால் கோடையில் ஒரு தடவை எர்த் டெஸ்டரோடு ஒருவரை வரவழைத்துக் குழியையும் அளந்துவிடுங்கள்.